தினசரி குறையும் பாக்கியா, மாத ரெஸ்ட்டா: 20 லட்சம் கடனில் எது குறைவு?

புதுமனை

வீட்டுக் கடன் 20 லட்சம், 20 வருஷம். ரெண்டு இடத்துல ஒப்புதல் வந்திருக்கு. எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ண முடியல.

முதல் இடத்துல 9%, மாத ரெஸ்ட், அதாவது மாசத்துக்கு ஒரு நாள்தான் பாக்கியைக் குறைச்சு வட்டி போடறது, தவணை 17,995. ரெண்டாவது இடத்துல 9.10%, தினசரி குறையும் பாக்கி மேல வட்டி, தவணை 18,123. ரெண்டுலயும் தவணைத் தேதி 21. எனக்குச் சம்பளம் 1-ம் தேதி வந்துடும்.

ரெண்டாவது இடத்துல பேசினவர் சொன்னது: "மாத ரெஸ்ட்ல நீங்க 1-ம் தேதி கட்டினாலும் 21-ம் தேதி கட்டினதாத்தான் கணக்கு. எங்ககிட்ட 1-ம் தேதி கட்டினா அன்னிக்கே பாக்கி குறையும், மாசாமாசம் 20 நாள் வட்டி மிச்சம். அந்த 0.1% எல்லாம் அதுல அடிபட்டுப் போயிடும்." கேட்க நியாயமாத்தான் இருக்கு. நிஜமாவே அடிபடுமா? கணக்கு போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க.

சேரன்77

தினசரி வட்டி பக்கமே போகாதீங்க நண்பா. தினமும் வட்டி போட்டா தினமும் வட்டிக்கு வட்டி ஏறும். மாசத்துக்கு ஒரு தடவை ஏறுறதுக்கும் 30 தடவை ஏறுறதுக்கும் வித்தியாசம் இல்லையா? 20 வருஷத்துல அது எங்கயோ போய் நிக்கும்.

முல்லை

என் தம்பி வண்டிக் கடன் எடுத்தப்போ இதே குழப்பம்தான். 9%ன்னு சொன்னாங்க, கடைசி வரைக்கும் முழு அசலுக்கும் வட்டி போட்டாங்க. பாதி கட்டின பிறகும் வட்டி குறையவே இல்ல. அதனால குறையும் பாக்கின்னு எழுதியிருக்கறதையே எடுங்க, கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.

பேரேடு

முல்லை, உங்கள் தம்பியுடையது ஃபிளாட் வட்டி, கடைசி வரை முழு அசலுக்கும் போடுவது. அதுவும் இதுவும் வேறு. புதுமனை சொல்லும் இரண்டு கடனுமே குறையும் பாக்கிதான். கட்டிய அசல் என்றைக்குக் கணக்கில் கழிகிறது என்பதில்தான் வித்தியாசம்: ஒன்றில் மாதம் ஒரு நாள், இன்னொன்றில் பணம் வந்த அன்றே.

சேரன், நீங்கள் பயப்படும் விஷயம் வேறு. தினமும் வட்டியைக் கணக்கிடுவது ஒன்று, அந்த வட்டியை அசலோடு சேர்ப்பது இன்னொன்று. பொதுவாக நடப்பது, ஒவ்வொரு நாள் முடிவிலும் அன்றைய பாக்கிக்கு ஒரு நாள் வட்டியைத் தனியே எழுதி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை மொத்தமாகக் கணக்கில் பற்று வைப்பதுதான். வட்டிக்கு வட்டி ஏறுவது அந்தப் பற்று விழுந்த பிறகுதான், மாத ரெஸ்ட்டிலும் அப்படியே. ஒருவேளை உண்மையிலேயே தினமும் அசலோடு சேர்த்தாலும், 9 சதவீதத்துக்கு ஆண்டு விளைவு 9.38 என்பது 9.42 ஆகும். 20 லட்சத்துக்கு முதல் வருடம் 700 சொச்சம். எங்கேயோ போய் நிற்கும் தொகை இல்லை.

இப்போது புதுமனையின் கேள்வி. நான் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன், எனக்கு முதல் மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் பிடிக்கும்.

இரண்டாவது இடத்தில் நீங்கள் 18,123-ஐ 20 நாள் முன்பே கட்டுகிறீர்கள். 9.1% வீதத்தில் அந்த 18,123 ஒரு நாளைக்கு ஈனும் வட்டி சுமார் 4.52. இருபது நாளைக்கு 90. மாதாமாதம் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான், ஏனென்றால் முன்கூட்டிப் போவது ஒரு தவணை மட்டுமே. 20 லட்சமும் 20 நாள் முன்னால் போகவில்லை.

கூடுதல் 0.1% வட்டியோ 20 லட்சம் முழுவதன் மேலும் விழுகிறது. முதல் மாதம் அதற்கு 167. ஆக 90 மிச்சம் பிடிக்க 167 கொடுக்கிறீர்கள்.

பாக்கி குறையக் குறைய அந்த 167 இறங்கும், 90 அப்படியே இருக்கும். பாக்கி 10.8 லட்சத்துக்குக் கீழே வரும்போதுதான் இரண்டும் சமமாகும். நீங்கள் சொல்லும் தவணையில் அது 14-வது வருடம். அதற்குள் வட்டியில் பெரும்பகுதியைக் கட்டி முடித்திருப்பீர்கள்.

சேரன்77

வட்டிக்கு வட்டி விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா இதுல ஒண்ணு இடிக்குது சார். நான் மொத்தமாப் போட்டுப் பார்த்தேன். முதல் இடத்துல 17,995 × 240, கிட்டத்தட்ட 43.19 லட்சம். ரெண்டாவது இடத்துல 20 நாள் முன்ன கட்டினா 237-வது தவணையில கடன் முடியுது, மொத்தம் 42.89 லட்சம்தான் வருது. 30 ஆயிரம் கம்மி. அப்போ ரெண்டாவது இடம்தானே லாபம்? பேசினவர் சொன்னது சரிதானே?

பேரேடு

உங்கள் பெருக்கல் சரி. ஒப்பீடுதான் சரியில்லை. இரண்டாவது இடத்தில் அவர் மாதம் 128 கூடுதலாகக் கட்டுகிறார். சீக்கிரம் முடிவதில் ஒரு பங்கு அந்த 128-ஆல் வந்தது, தினசரிக் கணக்கால் வந்ததல்ல.

அதே 18,123-ஐ முதல் இடத்தில் 21-ம் தேதியே கட்டட்டும். 20 நாள் முன்னால்கூட வேண்டாம். கடன் 236-வது தவணையில் முடிகிறது, மொத்தம் 42.65 லட்சத்துக்குள். எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் இந்த இரண்டு வரியைப் போட்டுப் பாருங்கள்:

```
=NPER(9%/12, -18123, 2000000)
=NPER(9.1%/12, -18123*(1+9.1%*20/365), 2000000)
```

முதலாவது 235.3 என்று வரும், இரண்டாவது 236.7. முன்கூட்டிக் கட்டும் தொகைக்கு 20 நாள் வட்டியைச் சேர்த்து அதைச் சற்றுப் பெரிய தவணையாகப் பார்க்கிறேன், அவ்வளவுதான். வித்தியாசம் ஒன்றரைத் தவணைக்குச் சற்றுக் குறைவு, சுமார் 24 ஆயிரம். அது முதல் இடத்துக்குச் சாதகம்.

இரண்டு கடனை ஒப்பிடும்போது மாதம் கையை விட்டுப் போகும் தொகையை ஒன்றாக்கிவிட்டு, எது முன்னால் முடிகிறது என்று பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால், மாதம் அதிகம் கட்டிச் சீக்கிரம் முடிக்கும் கடன் மலிவாகத் தெரிந்துவிடக் கூடும்.

வட்டி வீதம் இரண்டு இடத்திலும் ஒரே 9% என்றால் பதில் வேறு. அப்போது 17,995-ஐ 20 நாள் முன்னால் கட்டுகிறவருக்கு 240 தவணை 237 ஆகிவிடும், 58 ஆயிரம் வரை மிச்சம். தினசரிக் கணக்குக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் 0.1% கொடுத்து வாங்கும் அளவுக்கு இல்லை.

புதுமனை

நன்றி சார். முழுக் கடனுக்கும் 0.1%, ஒரு தவணைக்கு மட்டும் 20 நாள்னு பிரிச்சுப் பார்க்கத் தோணவே இல்ல.

அப்போ நான் 21-ம் தேதியே கட்டினா ரெண்டுக்கும் வித்தியாசமே கிடையாதா, வீதத்தைத் தவிர?

பேரேடு

ஏறக்குறைய கிடையாது. மாத ரெஸ்ட்டில் வருட வட்டியைப் பன்னிரண்டாகப் பிரிப்பார்கள். தினசரியில் 31 நாள் மாதத்துக்குக் கூட, பிப்ரவரிக்குக் குறைய. வருடக் கடைசியில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

தேதி தவறினால்தான் இரண்டும் பிரியும். மாத ரெஸ்ட்டில் பணம் 22-ம் தேதி போய்ச் சேர்ந்தால், அந்த அசல் அடுத்த 21 வரை குறையாமல் நிற்கக் கூடும். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரு மாத வட்டி, உங்கள் தவணைக்கு 135. தினசரியில் அதே ஒரு நாளுக்கு நாலரைதான். தாமதக் கட்டணம் இரண்டிலும் தனி.

போனஸ் வந்து ஒரு லட்சம் அசலில் கட்டும்போதும் இதையே கவனியுங்கள். மாத ரெஸ்ட்டில் 22-ம் தேதி கட்டிய லட்சம் அடுத்த ரெஸ்ட் வரை சும்மா கிடக்கும், 750 நஷ்டம். இருபதாம் தேதி வாக்கில் கட்டினால் நஷ்டம் ஏறக்குறைய இல்லை. பணம் 22-ல் வந்தால் அடுத்த 20 வரை சேமிப்புக் கணக்கில் வைத்துவிட்டுக் கட்டுங்கள், அந்த வட்டியாவது உங்களுக்கு வரும்.

ஒரு காலத்தில் வருட ரெஸ்ட் என்று ஒன்று பரவலாக இருந்தது. பன்னிரண்டு மாதமும் கட்டிக்கொண்டே இருப்பார்கள், அசல் வருடத்தில் ஒரு நாள்தான் குறையும். இதே 20 லட்சத்துக்கு, இதே 9 சதவீதத்துக்கு, தவணை 18,258 வரும். 20 வருடத்தில் 63 ஆயிரம் கூடுதல். வருடத்திலிருந்து மாதத்துக்கு வந்ததுதான் பெரிய தாவல். மாதத்திலிருந்து நாளுக்கு வருவது சின்னது.

செங்கல்

இடையில ஒரு விஷயம் கேட்டுக்கறேன், மன்னிக்கணும். எங்க வீடு இன்னும் கட்டி முடியல, அதனால இப்போதைக்கு வட்டி மட்டும் கட்டறேன். இதுவரை வாங்கியிருக்கறது சரியா 10 லட்சம், 9%, தினசரிக் கணக்கு. பேரேடு சார் வருஷக் கடைசியில ரெண்டும் ஒண்ணாயிடும்னு சொல்றார். என் ஸ்டேட்மென்ட்ல ஜனவரி வட்டி 7,750. பிப்ரவரி 7,000. ஏப்ரல் 7,500. மாசக் கணக்கா இருந்தா எல்லா மாசமும் 7,500 தானே? பிப்ரவரியில 500 குறையுதுன்னு சந்தோஷப்பட்டேன். கூட்டிப் பார்த்தா எனக்கு ஒண்ணாகற மாதிரி தெரியலையே?

பேரேடு

செங்கல், நல்ல நேரத்தில் கேட்டீர்கள். உங்களுக்கு வருடத்தை 360 நாளாக வைத்து வட்டி போடுகிறார்கள்.

10 லட்சத்துக்கு 9% என்றால் வருட வட்டி 90,000. அதை 365-ஆல் வகுத்து 31 நாளுக்குப் பெருக்கினால் 7,644 வரவேண்டும். 360-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 7,750. பிப்ரவரிக்கு 365 என்றால் 6,904, உங்களுக்கு 7,000. வகுப்பது 360-ஆல், ஆனால் நாளை எண்ணுவது முழு 365-ம். ஆக வருடத்துக்கு 5 நாள் வட்டி கூட. உங்களுக்கு 91,250 வரும்.

இதில் சிக்கல் என்னவென்றால், 30 நாள் மாதத்தைப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. ஏப்ரலின் 7,500 மாதக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது பாருங்கள். 31 நாள் மாதத்தை எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

புதுமனைக்கும் இது முக்கியம். 9% என்று எழுதி 360-ஆல் வகுத்தால் நிஜ வீதம் 9.125. உங்கள் 20 லட்சத்துக்கு அதே 17,995 கட்டினால் 240 தவணையில் முடியாது, 246 தாண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். 20 நாள் முன்னால் கட்டிச் சேமிப்பதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இங்கே போய்விடும். இரண்டாவது இடத்தில் முதலில் கேட்க வேண்டியது "தினசரியா" என்பதல்ல, "எத்தனை நாள் வருடம்" என்பது.

செங்கல்

இது சட்டப்படி சரியா சார்? திருப்பிக் கேட்கலாமா?

பேரேடு

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வட்டி கணக்கிடும் பகுதியில் 360 என்று இருந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், அது பல இடங்களில் வழக்கத்தில் உள்ள முறையும்கூட. 365 என்று இருந்தாலோ, எதுவுமே எழுதாமல் 9% என்று மட்டும் இருந்தாலோ, ஜனவரி கணக்கைக் காட்டி எழுத்துமூலம் விளக்கம் கேளுங்கள். உங்கள் ஊர் விதிகளைப் படிக்காமல் நான் அதற்குமேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஆதிரை

நான் கடன் கணக்கு மென்பொருள் பக்கம் வேலை செய்றேன். பேரேடு ஐயா சொன்ன எண்கள்ல தகராறு இல்ல, ஆனா எல்லாரும் ஒரு விஷயத்தை அப்படியே எடுத்துக்கிட்டீங்க: 1-ம் தேதி கட்டினா 1-ம் தேதியே அசல் குறையும்னு. அது தானா நடக்கும்னு சொல்ல முடியாது.

தவணைத் தேதிக்கு முன்ன வர்ற பணத்தை முன்பணம்னு தனியா ஒரு கணக்குல நிறுத்தி வைக்கற அமைப்பு நிறைய உண்டு. 21-ம் தேதி தவணை கேட்பு விழும்போதுதான் அந்தப் பணத்தை எடுத்துக் கழிக்கும். வட்டி தினசரிதான், பொய் சொல்லல. ஆனா உங்க பணம் 20 நாளும் அசலைத் தொடாம வெளியே நிக்குது. அப்போ அந்த 90-ம் கிடையாது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்டேட்மென்ட்ல ஒரே ஒரு இடம் பார்த்தாப் போதும். பணம் வரவான வரிசையில, பக்கத்துல இருக்கற அசல் பாக்கி அன்னிக்கே குறையுதா, இல்ல 21-ம் தேதி வரிசையிலதான் குறையுதா? ரெண்டு தேதி தனித்தனியா இருக்கும், வரவு தேதி ஒண்ணு, மதிப்புத் தேதி ஒண்ணு. வட்டி ஓடறது மதிப்புத் தேதி மேலதான். கடன் எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு மாதிரி ஸ்டேட்மென்ட் கேளுங்க, பேர் மறைச்சுக் கொடுக்கலாம்.

சேரன்77

அக்கா, அப்போ "அசலுக்கு வரவு வைக்கவும்"னு எழுதிக் கொடுத்துட்டா?

ஆதிரை

அப்படிக் கொடுத்தா அது பார்ட் பேமென்ட் ஆயிடும், தம்பி. அசல் அன்னிக்கே குறையும், ஆனா 21-ம் தேதி தவணையைத் தனியாக் கேட்கும். ஒரே பணம் ரெண்டு வேலையும் பார்க்காது. இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க: பணம் கட்டினேனேன்னு இருந்துடுவாங்க, தவணை பவுன்ஸ் ஆகி அபராதம் வந்து நிக்கும்.

தினசரிக் கணக்கு நிஜமாவே பேசற இடம் ஓவர்டிராப்ட் மாதிரி அமைச்ச வீட்டுக் கடன்தான். போட்ட பணத்தை வேணும்போது திரும்ப எடுத்துக்கலாம். புதுமனை, அவசரத்துக்குன்னு ஒதுக்கி வெச்ச பணம் ஏதாவது சும்மா கிடக்குதா உங்ககிட்ட?

புதுமனை

3 லட்சம் சேமிப்புக் கணக்குல இருக்கு. அதைத் தொடக் கூடாதுன்னு வீட்டுல பேச்சு.

ஆதிரை

அப்போ உங்க கேள்வியே மாறுது. 9.1%ல 3 லட்சம் கடன் கணக்குல கிடந்தா வருஷத்துக்கு 27,300 வட்டி ஓடாது. சேமிப்புக் கணக்கு வட்டியைக் கழிச்சாலும் நல்ல தொகை மிஞ்சும். 0.1%க்கு நீங்க கொடுக்கற கூடுதல் முதல் வருஷம் 2,000க்கு உள்ளதான். திரும்ப எடுக்கற வசதி இருந்தா ரெண்டாவது இடம், இல்லைன்னா முதல் இடம், என் கணக்கு அவ்வளவுதான்.

பேரேடு

கணக்கு சரி, ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். அந்த மாதிரிக் கணக்கில் எடுக்கும் உரிமை கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறது. ஒப்புதல் வரம்பு மாதாமாதம் இறங்கும் வகையும் உண்டு, அதில் இன்று போட்ட 3 லட்சத்தை எட்டு வருடம் கழித்து முழுதாக எடுக்க முடியுமா என்பது நிபந்தனையைப் படித்தால்தான் தெரியும். தவணை இரண்டு தவறினால் எடுப்பதை நிறுத்தவும் செய்வார்கள். அவசரப் பணம் தேவைப்படுவதே தவணை தவறும் காலத்தில்தான். வீட்டில் தொடக் கூடாது என்பதில் அர்த்தம் இருக்கிறது. நானாக இருந்தால் ஒரு லட்சத்தை வெளியே வைத்துவிட்டு இரண்டைத்தான் போடுவேன்.

ஆதிரை

வரம்பு இறங்கறது உண்மைதான். ஆனா 3 லட்சமும் சேமிப்புல தூங்கறதுக்கு அது போதுமான காரணமாத் தெரியல எனக்கு. இதுல நமக்குள்ள கருத்து வேற வேற, அவரே முடிவு பண்ணட்டும்.

புதுமனை

இன்னிக்கு ரெண்டாவது இடத்துக்குப் போய் மூணு கேள்வி கேட்டேன். வருஷம் 365 நாள்னு உடனே சொல்லிட்டார், வரைவு ஒப்பந்தத்துலயும் காட்டினார். 1-ம் தேதி கட்டற தவணை அன்னிக்கே அசல்ல கழியுமான்னு கேட்டப்போ முதல்ல ஆமாம்னார், மாதிரி ஸ்டேட்மென்ட் கேட்டதும் உள்ள போய் யார்கிட்டயோ பேசிட்டு வந்து, "முன்பணமாத்தான் நிக்கும், 21-ல எடுத்துக்கும்"னு சொன்னார். திரும்ப எடுக்கற வசதி வேற திட்டத்துல இருக்காம், அதுக்கு 9.35%.

சேரன்77

அடேங்கப்பா. அப்போ 9.10%க்கு தினசரின்னு பேர் மட்டும்தான்.

பேரேடு

9.10 திட்டத்தை விட்டுவிடலாம். 9.35 என்றால் முதல் வருடக் கூடுதல் 7,000-க்குச் சற்றுக் கீழே. இரண்டு லட்சம் வருடம் முழுக்கக் கிடந்தால் மிச்சமாகும் வட்டி 18,700. அதிலிருந்து உங்கள் சேமிப்புக் கணக்கு தரும் வட்டியைக் கழித்துக்கொள்ளுங்கள், அந்தத் திட்டத்துக்கு வருடாந்திரக் கட்டணம் இருந்தால் அதையும். வரம்பு எப்படி இறங்கும் என்ற அட்டவணையை வாங்கினீர்களா?

புதுமனை

கேட்டிருக்கேன் சார். திங்கட்கிழமை தர்றதாச் சொன்னார். வந்ததும் இங்கயே போடறேன்.